ஐந்தாண்டுப் படிப்பின் வாசல்கள்: எந்த வாசலில் என்ன கிடைக்கும்?



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பேசும்போது, நம் வீடுகளில் ஒரு புதிய சொல் இப்போது அடிபடுகிறது. அது "ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பு". இளநிலைக்கு ஒரு முறையும் முதுநிலைக்கு இன்னொரு முறையும் இடம் தேடி அலையாமல், ஒரே சேர்க்கையில் ஐந்து ஆண்டுகள் படித்து முதுநிலைப் பட்டத்தோடு வெளிவருவதே அதன் அமைப்பு. புதுச்சேரி, திருவாரூர், ஐதராபாத் ஆகிய இடங்களில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய படிப்புகளை நடத்தி வந்துள்ளன. கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு 2022-இல் தொடங்கிய பிறகு, நம் பிள்ளைகள் இவற்றுக்கு விண்ணப்பிப்பதும் எளிதாகியிருக்கிறது.

இந்தப் படிப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வாசகத்தைத் தவறாமல் சேர்த்துச் சொல்வார்கள்: "ஐந்து வருடமும் படித்தாக வேண்டும் என்பதில்லை, எந்த வருடம் வேண்டுமானாலும் வெளியேறலாம், அதற்குரிய சான்றிதழ் கிடைத்துவிடும்." பெற்றோருக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது. நல்ல வரன் அமைந்தால் மகளை நிறுத்திக்கொள்ளலாம். வளைகுடாவில் வேலை வந்தால் மகனை அனுப்பிவிடலாம். எப்படியும் கையில் ஒரு தாள் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

அந்த வாசகம் பாதி உண்மை. வாசல்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் தரப்படும் தாளின் மதிப்பு வேறு. மூன்றாம் ஆண்டின் முடிவுக்கு முன் தரப்படும் எந்தத் தாளும் பட்டம் அன்று. அதோடு, எந்த வாசலும் தானாகத் திறப்பதில்லை. உரிய நிபந்தனைகளை நிறைவேற்றி, உரிய நேரத்தில் எழுதிக் கேட்டால்தான் திறக்கிறது. இவ்விரண்டையும் அறியாமல் ஒரு வீட்டில் நிக்காஹ் தேதியோ பயணத் தேதியோ குறிக்கப்பட்டால், அதன் விலையைப் பிள்ளை பல ஆண்டுகள் செலுத்த நேரிடும். ஆகவே ஒவ்வொரு வாசலையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கணக்கின் அடிப்படை

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடையில் வெளியேறுவதையும் மீண்டும் சேர்வதையும் கல்வி முறையின் ஒரு பகுதியாக்கியது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கும், 2024 ஜூனில் முதுநிலைப் படிப்புகளுக்கும் பாடத்திட்டச் சட்டகங்களை வெளியிட்டது. இவற்றில் ஆண்டுகளைவிட முக்கியமானது கிரெடிட் என்னும் அலகு. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுவதும் நடந்தால் அது ஒரு கிரெடிட். ஒரு செமஸ்டருக்குச் சராசரியாக 20, ஓராண்டுக்கு 40 என்று அது சேர்ந்துகொண்டே போகும்.

முதலாண்டின் முடிவில் 40 கிரெடிட் சேர்த்தவருக்கு இளநிலைச் சான்றிதழ், இரண்டாம் ஆண்டின் முடிவில் 80 சேர்த்தவருக்கு இளநிலை டிப்ளமோ, மூன்றாம் ஆண்டின் முடிவில் 120 சேர்த்தவருக்கு இளநிலைப் பட்டம், நான்காம் ஆண்டின் முடிவில் 160 சேர்த்தவருக்கு ஆனர்ஸ் பட்டம். ஐந்தாம் ஆண்டின் 40-ஐயும் சேர்த்து முடிப்பவர் முதுநிலைப் பட்டதாரி.

ஆயினும் இந்தியாவின் எல்லா ஒருங்கிணைந்த படிப்புகளும் இந்த ஐந்து வாசல்களோடு கட்டப்பட்டவை அல்ல. இந்தச் சட்டகத்துக்கு முன்பே தொடங்கிய பல படிப்புகளில் மூன்றாம் ஆண்டின் முடிவில் மட்டும் ஒரே ஒரு வாசல் உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. பிள்ளை சேரவிருக்கும் படிப்பு எந்த வகை என்பதை, அந்தப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுக்கு வெளியிட்ட சேர்க்கைக் கையேடும் படிப்பின் விதிமுறைகளும்தான் சொல்லும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறு பல்கலைக்கழகத்தில் வெளியேறிய அனுபவம் நமக்குச் சான்றாகாது.

முதல் இரண்டு வாசல்கள்

முதலாண்டில் கிடைக்கும் சான்றிதழும் இரண்டாம் ஆண்டில் கிடைக்கும் டிப்ளமோவும், அதுவரை படித்ததற்கான பதிவுகள். படிப்பைத் தொடர முடியாத பிள்ளை, எதுவுமே இல்லாமல் வீடு திரும்பும் நிலையை மாற்றுவதே அவற்றின் நோக்கம். அந்த அளவில் அவை நல்ல ஏற்பாடு. ஆனால் "பட்டதாரி" என்று கேட்கும் இடத்தில் அவை நிற்கா. பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கும், குடிமைப் பணித் தேர்வுக்கும், பி.எட். சேர்க்கைக்கும், முதுநிலைச் சேர்க்கைக்கும் அவற்றைக் காட்டி விண்ணப்பிக்க இயலாது.

"டிப்ளமோ" என்ற சொல்லில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. நம் ஊர்களில் டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு படித்துப் பெறும் அந்தப் பொறியியல் டிப்ளமோவுக்குத் தொழிற்சாலைகளிலும் வளைகுடாவிலும் தெரிந்த மதிப்பு இருக்கிறது. அதைக்கொண்டு பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். வேதியியலிலோ ஆங்கிலத்திலோ இரண்டாண்டு படித்து வெளியேறும் பிள்ளைக்குத் தரப்படும் இளநிலை டிப்ளமோ அதுவன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. வரன் பேசும் இடத்தில் "பெண் டிப்ளமோ முடித்திருக்கிறாள்" என்று சொல்லும்போது, இரு வீட்டாரும் ஒரே பொருளில்தான் அதைப் புரிந்துகொள்கிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரு வாசல்களுக்கும் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. 40 அல்லது 80 கிரெடிட் மட்டும் போதாது. வெளியேறும் ஆண்டின் கோடை விடுமுறையில் 4 கிரெடிட் மதிப்புள்ள தொழிற்பயிற்சிப் பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும் என்கிறது மானியக் குழுவின் சட்டகம். தேர்வு முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, அடுத்த செமஸ்டருக்குப் போகாமல் இருந்துவிட்டால் அதற்குப் பெயர் வெளியேறுதல் அன்று. படிப்பை இடையில் விடுதல். முன்னதற்குச் சான்றிதழ் உண்டு. பின்னதற்கு மதிப்பெண் பட்டியல்கள் மட்டுமே மிஞ்சும்.

மூன்றாம் வாசல்

ஐந்தில் உறுதியான வாசல் இதுதான். 120 கிரெடிட்டுடன் இங்கே வெளியேறுபவர் முழுமையான இளநிலைப் பட்டதாரி. ஊர்க் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவருக்கு உள்ள அதே நிலை இவருக்கும் உண்டு. பட்டம் கேட்கும் தேர்வுகளை எழுதலாம், பி.எட். சேரலாம், வேறு பல்கலைக்கழகத்தில் ஈராண்டு முதுநிலையில் சேரலாம். வளைகுடாவில் பட்டச் சான்றிதழுக்கு அரசு முத்திரைச் சான்று கேட்கும் வேலைகளுக்கும் இதை முன்வைக்கலாம்.

இங்கே வெளியேறுவதால் காலம் வீணாவதில்லை என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாண்டில் பட்டம் பெற்று, வேறிடத்தில் ஈராண்டு முதுநிலை படித்தாலும் மொத்தம் ஐந்தாண்டுதான். சேர்ந்த இடத்தின் பாடமோ ஊரோ பொருந்தவில்லை என்றால், மூன்றாண்டை முடித்துவிட்டு மாறுவது இழப்பே இல்லாத முடிவு. விட்டுச்செல்வது அதே பல்கலைக்கழகத்தில் உறுதியாக இருந்த முதுநிலை இடத்தை மட்டுமே. பிறகு மனம் மாறித் திரும்பினால் அந்த இடம் காத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியேறியவரை மீண்டும் நான்காம் ஆண்டில் சேர்ப்பதா என்பது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

இந்த வாசலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அரியர். ஆறு செமஸ்டர்களில் ஒரு பாடம் நின்றிருந்தாலும் 120 நிறையாது. நிறையாதவரை பட்டமும் இல்லை. மற்றொன்று, பட்டத்தின் பெயர். சில ஒருங்கிணைந்த அறிவியல் படிப்புகளில் தொடக்க ஆண்டுகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் பொதுவாகப் படிக்க வைப்பார்கள். அப்படிப்பட்ட படிப்பில் மூன்றாம் ஆண்டில் வெளியேறினால், பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடத்தின் பெயர் இருக்குமா என்று கேட்க வேண்டும். மானியக் குழுவின் சட்டகப்படி மூன்றாண்டுப் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 60 கிரெடிட் இருக்க வேண்டும். வேதியியல் ஆசிரியராகவோ வேதியியலில் முதுநிலை மாணவியாகவோ ஆக விரும்பும் பிள்ளைக்கு, அந்தப் பெயர் சான்றிதழில் இருப்பது சிறிய விஷயமல்ல.

நான்காம் வாசலும் ஐந்தாம் முடிவும்

நான்காம் ஆண்டில் கிடைக்கும் ஆனர்ஸ் பட்டம், கேட்பதற்கு மூன்றாண்டுப் பட்டத்தைவிட ஒரு படி உயர்ந்தது. படிப்பளவிலும் உண்மையில் உயர்ந்ததே. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வுப் பணி செய்து "ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்" பட்டம் பெறலாம். 2022-இன் பிஎச்.டி. விதிமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் முதுநிலை இல்லாமலேயே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அதில் 5 சதவீதத் தளர்வும் தரப்படலாம். ஆய்வில் நாட்டமும் மதிப்பெண்ணும் உள்ள பிள்ளைக்கு இது நல்ல பாதை.

ஆனால் பொதுவாக, "இன்னும் ஒரு வருடம் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும்" என்று நான்காம் ஆண்டில் நிறுத்துவதே நம் வீடுகளுக்கு மிகவும் நட்டம் தரும் முடிவு என்பது எங்கள் கருத்து. பட்டம் கேட்கும் வேலைக்கு மூன்றாண்டே போதும். முதுநிலை கேட்கும் வேலைக்கு நான்காண்டு போதாது. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு, மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, 55 சதவீதத்துடன் முதுநிலைப் பட்டமும் அதனோடு நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.

நான்காண்டு முடித்தவர் வேறிடத்தில் ஓராண்டில் முதுநிலை முடிக்கலாம் என்று 2024 சட்டகம் சொல்வது உண்மை. அதற்கு அந்த இடத்தில் ஓராண்டு முதுநிலை நடக்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை என்ற முறையே வழக்கம். நான்காண்டு முடித்து ஊர் திரும்பிய பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில் முதுநிலை சேர்ந்தால் நான்கும் இரண்டும் ஆறாண்டு ஆகிவிடும். இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு செமஸ்டர் இருந்திருந்தால் ஐந்தோடு முடிந்திருக்கும். நான்காம் ஆண்டில் கால் வைத்த பிள்ளையை ஐந்தையும் முடிக்க விடுவதே அறிவு. முடியாது என்று முன்பே தெரிந்தால் மூன்றிலேயே நிறுத்துவது அறிவு.

ஐந்தாம் ஆண்டின் முடிவில் முதுநிலைப் பட்டம். இங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பட்டச் சான்றிதழா, இரண்டா? சில நிறுவனங்கள் இளநிலைக்கும் முதுநிலைக்கும் தனித்தனிச் சான்றிதழ் தருகின்றன. சில, ஐந்தாண்டுக்கும் சேர்த்து "ஒருங்கிணைந்த எம்.எஸ்சி." என்று ஒன்றே தருகின்றன. பின்னதும் செல்லத்தக்க பட்டமே. எனினும் வேலை விண்ணப்பத்திலோ பி.எட். சேர்க்கையிலோ "இளநிலைப் பட்டச் சான்றிதழை இணைக்கவும்" என்று கேட்கும்போது, அந்தப் பிள்ளை தனிச் சான்றிதழ் இல்லாமல் விளக்கக் கடிதங்களோடு அலைய வேண்டியிருக்கும். இந்தப் பட்டம் குறிப்பிட்ட பதவிக்கு இணையானதா என்ற கேள்வி எழுந்தால், அதற்கு அரசின் இணைத்தகுதி ஆணையைத் தேட வேண்டும். ஒரே சான்றிதழ் தரும் நிறுவனமானால், முதல் மூன்றாண்டின் மதிப்பெண்கள் தனியாகக் காட்டப்பட்ட பட்டியலையும், இளநிலைப் படிப்பு உள்ளடங்கியது என்ற கடிதத்தையும் படிப்பு முடியும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இவையெல்லாம் ஒரு வீட்டில் எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஆயிஷா என்றொரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில், மானியக் குழுவின் சட்டகத்தைப் பின்பற்றும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தாள். 2025 மே மாதம் நான்காம் செமஸ்டர் முடிகிறது. தம்மாமில் வேலை பார்க்கும் நல்ல வரன் அமைகிறது. ஆகஸ்டில் நிக்காஹ், உடனே கணவரோடு பயணம் என்று பேச்சு முடிகிறது. "இரண்டு வருடம் முடித்துவிட்டாள், டிப்ளமோ கிடைத்துவிடும்" என்று தந்தை நிம்மதியாக இருக்கிறார்.

ஆயிஷாவின் கணக்கைத் திறந்தால் 76 கிரெடிட்தான் இருக்கிறது. மூன்றாம் செமஸ்டரில் 4 கிரெடிட் கணிதப் பாடம் ஒன்று அரியராக நிற்கிறது. கோடைத் தொழிற்பயிற்சிப் பாடத்தை அவள் எடுக்கவில்லை. படிப்பைத் தொடரும் எண்ணத்தில் இருந்தவளுக்கு அது தேவைப்படவில்லை. இந்த நிலையில் அவள் புறப்பட்டுவிட்டால் டிப்ளமோ இல்லை. முதலாண்டுச் சான்றிதழாவது கிடைக்குமா என்றால், அதற்குரிய கோடைப் பாடத்தையும் அவள் முடித்திருக்கவில்லை. இரண்டாண்டுப் படிப்புக்குக் கையில் நான்கு மதிப்பெண் பட்டியல்களும், கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கில் பதிவான 76 கிரெடிட்களும் மட்டுமே எஞ்சும். அந்தக் கிரெடிட்களுக்கும் ஆயுள் வரம்பு உண்டு; பொதுவாக ஏழாண்டு.

இரண்டாம் வழி, முறையாக வெளியேறுவது. ஜூன், ஜூலை மாதங்களில் துணைத் தேர்வு நடத்தப்பட்டால் கணிதத்தை எழுதித் தேறி 80-ஐ நிறைக்க வேண்டும். அதே கோடையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியை முடிக்க வேண்டும். வெளியேறும் விண்ணப்பத்தைத் துறையில் கொடுக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் டிப்ளமோ கிடைக்கும். அவ்வாறு வெளியேறியவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் சேரலாம். சேர்ந்த நாளிலிருந்து ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும் என்பது சட்டகத்தின் வரம்பு. அதன்படி ஆயிஷா 2028-க்குள் திரும்ப வேண்டும். 2030-க்குள் முடிக்க வேண்டும். 2028-இல் திரும்பினால் மூன்றாம் ஆண்டு 2029-இல் முடியும். ஓர் ஆண்டுதான் கூடுதல் இடைவெளி. கைக்குழந்தையோடு, வேறு நாட்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணால் இதைச் செய்ய இயலுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாம் வழி, நிக்காஹ்வை நடத்திவிட்டுப் பயணத்தை மட்டும் தள்ளிவைப்பது. ஆயிஷா 2025 ஜூலையில் ஐந்தாம் செமஸ்டருக்குச் சென்று, கணித அரியரையும் முடித்து, 2026 மே மாதம் 120 கிரெடிட்டுடன் வெளியேறுகிறாள். பட்டத்துக்கு உரிய நடைமுறைகள் முடிந்ததும் கணவரிடம் செல்கிறாள். முதல் வழிக்கும் இந்த வழிக்கும் இடையே உள்ள கால வேறுபாடு ஏறத்தாழ பத்து மாதங்கள். ஆனால் முதல் வழியில் அவள் கையில் ஒன்றுமில்லை. இந்த வழியில் அவள் பட்டதாரி. பிற்காலத்தில் பி.எட். படிக்கவோ, தொலைநிலையில் முதுநிலை படிக்கவோ, ஒரு சோதனை வந்து குடும்பச் சுமையைத் தானே தாங்க நேர்ந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கவோ, அந்த ஒரு பட்டம் போதும்.

இந்தக் கணக்கில் மாப்பிள்ளை வீட்டாரைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆகஸ்டுக்குப் பதிலாக மே என்று கேட்டிருந்தால் அவர்களும் இசைந்திருக்கக்கூடும். கேட்கப்படவே இல்லை, ஏனெனில் பெண் வீட்டில் யாரும் கிரெடிட் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை.

வாசலே இல்லாத படிப்புகள்

"ஐந்தாண்டுப் படிப்பு என்றாலே இடையில் வெளியேறலாம்" என்ற எண்ணம் சட்டப் படிப்புக்கும் பரவியிருக்கிறது. அது தவறு. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. போன்றவை இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தவை அல்ல. இரண்டு இளநிலைப் பட்டங்கள் ஒன்றாக்கப்பட்டவை. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், இந்த இரட்டைப் பட்டத்தைப் பிரித்து இடையில் ஒரு பட்டம் தந்து அனுப்புவதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. மூன்றாண்டு படித்துவிட்டு "பி.ஏ. மட்டும் கொடுங்கள்" என்று கேட்க அங்கே வழியில்லை. மகளுக்கு மூன்றாண்டு அவகாசம்தான் இருக்கிறது என்று கருதும் வீடு, அவளை ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ப்பதற்கு முன் இதை அறிந்திருக்க வேண்டும். மூன்றாண்டு இளநிலை முடித்துவிட்டு, பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கும் பாதையில் மொத்தம் ஓராண்டு கூடும். ஆனால் நடுவில் ஒரு முழுப் பட்டம் கையில் இருக்கும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

வியாபாரத்தில் ஒரு பொருளின் தன்மையும் தவணையும் தெளிவாகாமல் நாம் கைகுலுக்குவதில்லை. ஐந்தாண்டுக் கல்வியிலும் அந்தத் தெளிவைக் கேட்பது நம் உரிமை. சேர்க்கை நாளில் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இந்தப் படிப்பில் எந்தெந்த ஆண்டின் முடிவில் வெளியேறலாம்? ஒவ்வொன்றிலும் தரப்படும் சான்றிதழின் சரியான பெயர் என்ன? வெளியேற விரும்புகிறவர் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? வெளியேறியவர் திரும்பிச் சேர இடம் உண்டா? முடிவில் தரப்படுவது ஒரு பட்டச் சான்றிதழா, இரண்டா? பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பாமல், அது எழுதப்பட்டிருக்கும் விதிமுறைப் பக்கத்தைக் கேட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விதிகள் பின்னர் மாறினாலும், பிள்ளை சேர்ந்த ஆண்டின் விதி என்னவாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

சேர்ந்த பின், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பிள்ளையின் கிரெடிட் கணக்கைப் பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். செமஸ்டர் எண்ணை 20-ஆல் பெருக்கினால் வரும் எண்ணுக்கு அருகில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். நான்காம் செமஸ்டரின் முடிவில் 80, ஆறாம் செமஸ்டரின் முடிவில் 120. சில நிறுவனங்களில் ஒரு செமஸ்டருக்கு 20-க்குச் சற்று மேலோ கீழோ வைத்திருப்பார்கள். கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். எண் குறைந்திருந்தால் எங்கோ ஓர் அரியர் நிற்கிறது என்று பொருள். அதைப் பிள்ளை வெட்கத்தால் மறைத்திருக்கலாம். கோபிக்காமல் கேட்டால் சொல்லிவிடும்.

எங்கள் கருத்து

இடையில் வெளியேறும் வசதியை நாங்கள் குறைகூறவில்லை. தந்தையின் மறைவோ, நோயோ, கடனோ ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும்போது, படித்த இரண்டாண்டு முற்றிலும் அழிந்துபோகாமல் இருப்பது நன்மையே. ஆனால் அது நிர்ப்பந்தத்துக்கான வாசல். முன்கூட்டியே திட்டமிடும் குடும்பம் தன் திட்டத்தை அந்த வாசலின் மீது கட்டக் கூடாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுவே. பிள்ளையை ஒருங்கிணைந்த படிப்பில் சேர்க்கும் வீடு, மூன்றாம் ஆண்டின் முடிவைக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்ளட்டும். அதற்கு முன் வரும் வரனானாலும் வேலையானாலும், ஆறாம் செமஸ்டர் முடியும் மாதத்தைச் சொல்லி அவகாசம் கேட்கட்டும். நிக்காஹ்வைத் தள்ளிப்போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நிக்காஹ் பேசும்போதே "படிப்பு இன்ன மாதம் முடியும், அதுவரை பெண் இங்கிருந்து படிப்பாள்" என்பதை இரு வீட்டாரும் ஏற்றுக்கொண்டு எழுதிக்கொள்ளலாம். மணமக்கள் தரப்பில் ஏற்றுக்கொண்ட நிபந்தனையை நிறைவேற்றுவதை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மூன்றைக் கடந்து நான்கில் நுழைந்துவிட்டால், ஐந்தையும் முடிக்கும் நோக்கத்தோடு நுழையட்டும். ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பாளர்களும், "எந்த ஆண்டு படிக்கிறாய்?" என்பதோடு "எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறாய், எந்த வாசல் வரை போக எண்ணியிருக்கிறாய்?" என்றும் கேட்கட்டும். நான்காம் ஆண்டுக் கட்டணத்துக்கு உதவி கேட்கும் மாணவருக்கு ஐந்தாம் ஆண்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தால்தான் அந்த உதவி முழுமை பெறும்.

நம் பிள்ளைகள் உழைத்த ஒவ்வொரு செமஸ்டரும் அவர்களுக்குப் பயனுள்ளதாக முடிய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.